மூலப்பொருள் தட்டுப்பாடு, ஆர்டர் தாமதம்: வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது? கேள்வி பதில்

கேள்வி: ஹோட்டல் கிச்சனுக்கு 12 எவர்சில்வர் மேஜை ஆர்டர், 10-ஆம் தேதி டெலிவரி. 304 ரக எவர்சில்வர் ஷீட் 7 மேஜைக்குத்தான் இருக்கிறது. மெசேஜ் எப்படி எழுதுவது?

முதலில் தேதியைச் சரிபாருங்கள். ஷீட் 18-ஆம் தேதி வரும் என்று டீலர் சொன்னதும், அதே தேதியை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிறவர்கள் நிறைய. ஷீட் வந்தபிறகு வெட்டி, வளைத்து, வெல்டிங் அடித்து, பாலிஷ் போட ஆறு நாள் வேண்டும் என்றால் 24 ஆகிவிடும். டீலரும் ஒன்றிரண்டு நாள் இழுப்பார், அதனால் 26 என்று சொல்லுங்கள். ஒரு தடவை தள்ளிப்போனால் பொறுத்துக்கொள்வார்கள், இரண்டாவது தடவையும் தேதி மாறினால் அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள்.

போனில் பேசிவிட்டு அதையே எழுதி அனுப்புங்கள். நான் எழுதினால் இப்படி:

"சார் வணக்கம். 304 ஷீட் தட்டுப்பாட்டால் உங்கள் 12 மேஜையில் 7-ஐத்தான் 10-ஆம் தேதி தர முடியும், மன்னிக்கவும். மீதி 5-க்கு உங்களுக்கு எது வசதி என்று சொல்லுங்கள். ஒன்று, 7 மேஜை 10-ஆம் தேதி, மீதி 26-ஆம் தேதி, இரண்டாவது லோடு வண்டி வாடகை எங்களுடையது. இரண்டு, எல்லாம் சேர்த்து 26-ஆம் தேதி. மூன்று, அந்த 5 மட்டும் அதே 304-இல் 1.5 மில்லிமீட்டருக்குப் பதில் 1.2, அடியில் கூடுதல் சட்டம் வைத்து 14-ஆம் தேதி, விலையும் குறையும். நான்கு, 5-ஐ ரத்து செய்து அதற்கான அட்வான்ஸைத் திருப்பித் தருகிறோம். 1.2 ஷீட்டை டீலர் 5-ஆம் தேதி மாலை வரைதான் எங்களுக்காக எடுத்துவைப்பார், அதற்குள் சொல்லுங்கள்."

1.2 ஷீட் இருக்கிறது என்று டீலரிடம் உறுதி செய்யாமல் மூன்றாவதை எழுதவே கூடாது. வாடிக்கையாளர் அதைத் தேர்ந்தெடுத்த பிறகு அதுவும் இல்லை என்று போய் நிற்க முடியாது.

கேள்வி: விலை குறைந்த 202 ரக ஷீட் தாராளமாகக் கிடைக்கிறதே, போட்டுக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்?

சொல்லாமல் மாற்றாதீர்கள். 304-இல் நிக்கல் குறைந்தது 8 சதவீதம் இருக்கும், 202-இல் 4 முதல் 6 தான். அந்தக் குறையை மாங்கனீசை வைத்து ஈடுகட்டியிருப்பார்கள். பாலிஷ் போட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் உப்புத் தண்ணீரும் புளிப்பும் தினமும் படுகிற மேஜையில் 202 போட்டால் கொஞ்ச நாளில் வெல்டிங் ஓரத்தில் பழுப்புப் புள்ளி வரும்.

கேள்வி: காந்தம் ஒட்டாவிட்டால் 304 தானே? அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமே.

பாதி சரி. காந்தம் நன்றாகப் பிடித்தால் அது 430 மாதிரி நிக்கல் இல்லாத ரகமாக இருக்கும். ஆனால் 202-லும் காந்தம் ஒட்டாது, அதனால் இந்த இரண்டையும் அதை வைத்துப் பிரிக்க முடியாது. வளைத்த மூலையில் நல்ல 304 கூட லேசாக இழுக்கும். ஷீட் தயாரித்த ஆலை தரும் மில் டெஸ்ட் சான்றிதழை வாங்கி, அதில் உருக்கிய தொகுதியைக் குறிக்கும் ஹீட் நம்பரும் ஷீட்டில் அச்சடித்திருப்பதும் ஒன்றா என்று பாருங்கள்.

கேள்வி: என் வாடிக்கையாளர் 202 போதும் என்று அவரே கேட்கிறார், உலர்ந்த சாமான் வைக்கும் ரேக்குக்கு. அதுவும் தப்பா?

தப்பே இல்லை. தெரிந்து கேட்கிறார், ரேக்கில் தண்ணீரும் படாது. பில்லில் 202 என்று எழுதி, அந்த விலையைப் போடுங்கள். மேலே அவ்வளவு சொன்னது சொல்லாமல் மாற்றுவதைத்தான்.

கேள்வி: நான் வாங்குகிறவன். பாக்கி மேஜை எப்போது வரும் என்று கேட்டால் "சீக்கிரம்" என்கிறார்கள்.

ஷீட் வரும் தேதி என்ன, அதற்குப் பிறகு வேலைக்கு எத்தனை நாள் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவதற்கே பதில் இல்லை என்றால் ஷீட்டுக்கு இன்னும் ஆர்டரே போகாமல் இருக்கலாம்.

கேள்வி: டீலர் தேதியே சொல்லவில்லை. தெரிந்தபிறகு சொல்லலாமா?

இன்றைக்கே சொல்லுங்கள். தேதி இல்லையென்றால், அடுத்து எந்தக் கிழமை தகவல் தருவீர்கள் என்பதைச் சொல்லி, அன்றைக்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

கேள்வி: கொஞ்ச நாள் தாமதம்தான், சொல்லாமல் விட்டால் என்ன?

மேலே சொன்னதுதான். இன்றைக்கே சொல்லுங்கள்.

கேள்வி: அட்வான்ஸைத் திருப்பினால் வரிக்கணக்கில் எப்படிக் காட்டுவது?

உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி: கெடு முடிந்தும் பதில் வரவில்லை. இருக்கிற 7-ஐ அனுப்பிவிடலாமா? என் பார்ட்னர் அனுப்பிவிடு என்கிறார்.

நானாக இருந்தால் இன்னொரு தடவை போன் பண்ணாமல் அனுப்பமாட்டேன். கிச்சன் வேலை முடியாமல் இருந்தால் வாடிக்கையாளருக்கு ஏழு மேஜையை இறக்கிவைக்க இடமே இருக்காது. ஆனால் 10-ஆம் தேதி என்பது அவர் ஏற்கனவே ஒத்துக்கொண்ட தேதி, அதனால் உங்கள் பார்ட்னர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூன்றாவதை மட்டும் வாடிக்கையாளர் வாயால் சரி என்று சொல்லாமல் தொடாதீர்கள், 1.2-ஐ வெட்டிவிட்டால் திரும்ப 1.5 ஆக்க முடியாது.