மூன்றாவது மாடியில் இருக்கும் கட்டிலை விற்பது எப்படி?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. கோவைக்கு மாற்றலாகிப் போவதால், 2016-ல் ஆசாரியிடம் சொல்லி 28,000 ரூபாய்க்குச் செய்த தேக்குக் கட்டிலை விற்க வேண்டும். "தேக்குக் கட்டில், நல்ல கண்டிஷன், விலை பேசிக்கொள்ளலாம்" என்று விளம்பரம் போட்டேன். "லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு?" என்று கேட்பவர்கள்தான் வருகிறார்கள். நேரில் வந்த ஒருவரும் கீறலைக் காட்டிப் பாதி விலைக்குக் கேட்டார். 30-ம் தேதி வீட்டைக் காலி செய்கிறோம். எப்படி எழுதுவது? எவ்வளவு கேட்பது?

பதில்: நேரில் வந்தவர் கீறலுக்காக மட்டும் பாதி விலை கேட்கவில்லை. விளம்பரத்தில் சொல்லாத ஒன்று கண்ணில் பட்டதும், இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்ற சந்தேகம் அவருக்கு வந்திருக்கும். அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான் குறைத்தார். பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் தொழிலில் நாங்கள் தினமும் பார்ப்பது இது. வாங்குகிறவர் உங்கள் விலையோடு இரண்டு தொகைகளைக் கூட்டிப் பார்க்கிறார். ஒன்று, கட்டிலை இறக்கித் தன் வீட்டில் சேர்க்கும் செலவு. மற்றொன்று, தெரியாத குறைக்காக அவர் ஒதுக்கி வைக்கும் தொகை. இரண்டையும் விளம்பரமே தெளிவாக்கிவிட்டால் உங்கள் விலை நிற்கும்.

முதலில் அளவு. "குயின் சைஸ்" என்று மட்டும் எழுதினால் போதாது. நம் ஊரில் 75 x 60 அங்குலக் கட்டிலையும் அப்படித்தான் சொல்கிறார்கள், 78 x 60 அங்குலத்தையும் அப்படித்தான் சொல்கிறார்கள். கட்டில் தேடுபவர்களில் பலரிடம் மெத்தை ஏற்கெனவே இருக்கும். 78 அங்குல மெத்தை உங்கள் கட்டிலில் உட்காராது என்பது வந்து பார்த்த பிறகு தெரிந்தால் இரண்டு பேருக்கும் ஒரு நாள் வீண். மெத்தை வைக்கும் உள்ளளவை டேப் வைத்து அளந்து, அடியிலும் அங்குலத்திலும் எழுதுங்கள். தலைமாட்டுப் பலகையின் அகலத்தையும் உயரத்தையும் தனியாக எழுதுங்கள். மாடிப்படியில் இறங்க வேண்டிய பெரிய துண்டு அதுதான்.

அடுத்தது மரம். ஆசாரி செய்த கட்டில்கள் பலவற்றில் தலைமாடு, கால்மாடு, கால்கள் தேக்காக இருக்கும். அடியில் போகும் குறுக்குச் சட்டங்கள் விலை குறைந்த வேறு மரமாகவும், மேலே விரிப்பது பிளைவுட்டாகவும் இருக்கும். இதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். பாலிஷ் போடாத அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். மரம் தெரிந்தவர்கள் ரேகையைப் பார்த்தே அழைப்பார்கள். பர்மா தேக்கா, நாட்டுத் தேக்கா என்பது பில்லில் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

குறைகளைச் சொல்வதில் ஒரு முறை இருக்கிறது. எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, உபயோகத்துக்கு இடைஞ்சலா என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். "சில கீறல்கள் உண்டு" என்று எழுதினால், படிப்பவர் தன் மனதில் மிக மோசமான கீறலைத்தான் வரைந்துகொள்வார். "தலைமாட்டுப் பலகையின் இடது ஓரத்தில் 2 அங்குலக் கீறல், பாலிஷ் மட்டும் போயிருக்கிறது, மரம் வெட்டுப்படவில்லை" என்று எழுதினால் அந்தக் கீறல் அந்த அளவிலேயே நின்றுவிடும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். விற்பதற்கென்று புதிதாக பாலிஷ் அடிக்காதீர்கள். வார்னிஷ் வாசனை வந்தாலே எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றி எடுத்தாலே போதும்.

கீறலைவிட வாங்குபவர்கள் அதிகம் பயப்படுவது பூச்சிக்குத்தான். தேக்கின் வைரப்பகுதியில் எளிதில் பூச்சி ஏறாது. ஆனால் ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளைப் பகுதியிலும், மட்டமான மரத்தில் செய்த சட்டங்களிலும் வண்டு துளைக்கும். குண்டூசித் தலை அளவுக்குத் துளைகளும், அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் தென்பட்டால் அது உளுப்பு. துளை இருப்பதாலேயே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. பிரஷ்ஷால் தூளைச் சுத்தமாகத் தட்டிவிட்டு, அந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு கறுப்புத் தாளை விரித்து வையுங்கள். நான்கைந்து நாள் கழித்துப் பாருங்கள். புதிய தூள் விழுந்திருந்தால் பூச்சி வேலை செய்துகொண்டிருக்கிறது. மருந்து அடிக்காமல் விற்கக் கூடாது. தூள் விழவில்லை என்றால், துளைகள் இருப்பதையும் தாள் விரித்துப் பார்த்ததையும் அப்படியே எழுதுங்கள். மண் பூசினாற்போல் கோடு ஓடியிருந்தால் அது கரையான். அந்தத் துண்டை மாற்றாமல் விற்காதீர்கள்.

மூட்டைப்பூச்சி மட்டும் வேறு மாதிரி. சட்டமும் தலைமாடும் சேரும் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். கரும்புள்ளிகளோ உரிந்த தோலோ இருந்தால், அதை ஒழித்து முடிக்கும்வரை விளம்பரத்தையே எடுத்துவிடுங்கள். எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் அது இன்னொரு குடும்பத்தின் வீட்டுக்குள் போகும் தொல்லை. பழைய மெத்தையைக் கட்டிலோடு சேர்த்து விலை சொல்லக் கூடாது என்பதும் இதனால்தான். மெத்தையைப் பார்த்ததும் பலருக்கு இந்தச் சந்தேகம் எழும். கேட்பவருக்கு இலவசமாகக் கொடுங்கள்.

உங்கள் விளம்பரத்தில் அதிகம் வேலை செய்ய வேண்டிய பகுதி எடுத்துச் செல்லும் விவரம். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்பதை மறைத்தால், வண்டியோடு வந்து நிற்பவர் வாசலில் வைத்து மறுபடி பேரம் பேசுவார். அதற்குள் உங்கள் தேதியும் நெருங்கியிருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டில் எப்படிக் கழலும் என்று இந்த வாரமே பாருங்கள். பக்கச் சட்டங்கள் போல்ட்டில் நிற்கின்றனவா, கொக்கியில் மாட்டியிருக்கிறதா, ஆணி அறைந்திருக்கிறதா? போல்ட் என்றால் ஒன்றை மட்டும் ஸ்பேனர் போட்டுத் திருப்பிப் பாருங்கள். துருவேறி அசையவில்லை என்றால் மெஷின் ஆயிலைச் சொட்டு விட்டு ஓரிரவு விடுங்கள். மேலே விரித்த பிளைவுட் இரண்டு துண்டா, ஒரே தகடா என்பதையும் கவனியுங்கள். ஒரே தகடாக இருந்தால் மாடிப்படித் திருப்பத்தின் அகலத்தை அளந்து அதையும் எழுதுங்கள்.

ஆனால் முன்கூட்டியே கழற்றி வைக்காதீர்கள். பூட்டிய கட்டிலில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தால்தான் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும். பேசி முடித்த பிறகு நீங்களே ஆளை வைத்துக் கழற்றி, சேரும் இடங்களில் சாக்பீஸால் எண் போட்டு, போல்ட்டுகளை ஒரு பையில் கட்டிக் கொடுப்பதாக எழுதுங்கள். கழற்றிய கட்டில் குட்டியானையில் தாராளமாகப் போகும். அதன் தளம் சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஆறேகால் அடிச் சட்டங்கள் படுத்துக்கொள்ளும், தலைமாட்டை நீளவாக்கில் நிறுத்திக் கட்டிவிடலாம். இதையும் ஒரு வரியில் சொன்னால், எந்த வண்டி பிடிப்பது என்று அவர் யோசிக்க வேண்டியதில்லை.

இப்போது விலை. 2016-ல் கொடுத்த 28,000 உங்களுக்குத்தான் முக்கியம், வாங்குபவருக்கு அதில் வேலையில்லை. உங்களுக்குத் தேவை வேறு இரண்டு எண்கள். பழைய சாமான் கடைக்காரர் இரண்டு பேரிடம் படம் அனுப்பி, வந்து எடுத்துக்கொண்டால் என்ன கொடுப்பார்கள் என்று கேளுங்கள். அது தரைவிலை. பிறகு உங்கள் பகுதியில் இதே அளவுத் தேக்குக் கட்டில் விளம்பரங்களை ஒரு வாரம் கவனியுங்கள். சீக்கிரம் மறைந்துபோகும் விளம்பரங்களின் விலையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமாகத் தொங்கிக்கொண்டிருப்பது விற்காத விலை.

ஒரு பேச்சுக்கு, கடைக்காரர் 9,000 சொல்கிறார், சீக்கிரம் போகும் கட்டில்கள் 16,000-ஐச் சுற்றி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தரைத்தளத்தில் இருக்கும் கட்டிலோடுதான் உங்களுடையதை ஒப்பிடுவார்கள். மூன்று மாடி இறக்கும் கூலிக்கு 1,000 கழித்தால் 15,000. பேச்சுக்கு இடம் வைத்து 15,500 என்று போடுங்கள், மனதுக்குள் 14,000-ல் நில்லுங்கள். 22,000 போட்டுவிட்டு இறங்கலாம் என்று நினைத்தால், 15,000 வைத்திருப்பவர் அழைக்கவே மாட்டார். கேட்கும் விலைக்கும் நிற்கும் விலைக்கும் பத்தில் ஒரு பங்குதான் இடைவெளி இருக்க வேண்டும்.

"விலை பேசிக்கொள்ளலாம்" என்ற வரிதான் லாஸ்ட் பிரைஸ் ஆட்களை அழைத்து வருகிறது. நீங்களே இறங்கத் தயார் என்று அறிவித்த பிறகு அவர்கள் கேட்பது நியாயம்தானே. பேச்சு எப்போது நடக்கும் என்பதைச் சொல்லுங்கள். இப்படி எழுதலாம்:

"தேக்குக் கட்டில், 75 x 60 அங்குல மெத்தைக்கு – ரூ.15,500 – மடிப்பாக்கம்.

2016-ல் ஆசாரி செய்தது, ஒரே வீட்டு உபயோகம். தலைமாடு, கால்மாடு, கால்கள் தேக்கு. குறுக்குச் சட்டங்கள் வேறு மரம். மேலே பிளைவுட், இரண்டு துண்டு. தலைமாடு 63 அங்குல அகலம், 42 அங்குல உயரம். இடது ஓரத்தில் 2 அங்குலக் கீறல் (3-வது படம்), மரம் வெட்டுப்படவில்லை. வலது பக்கச் சட்டத்தில் தம்ளர் வைத்த வட்டக் கறை. ஆட்டம், சத்தம் இல்லை. பூச்சி இல்லை. மெத்தை இலவசம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கழற்றி, எண் போட்டுக் கொடுக்கிறோம். குட்டியானையில் போகும். இறக்க இரண்டு ஆட்களை நீங்கள் அழைத்து வர வேண்டும். வார நாட்களில் மாலை 6 மணிக்கு மேல், ஞாயிறு முழுவதும் பார்க்கலாம். 25-ம் தேதிக்குள் எடுக்க வேண்டும். நேரில் பார்த்த பிறகு உங்களுக்கு நியாயமாகப் படும் விலையைச் சொல்லுங்கள், அங்கேயே முடித்துக்கொள்ளலாம்."

கதவு எண்ணைப் போடாதீர்கள். வரும் நேரம் முடிவான பிறகு லொகேஷன் அனுப்பினால் போதும், அப்போது வீட்டில் இன்னொருவரும் இருக்கட்டும். கட்டிலைப் பார்க்காமலேயே முழுப் பணமும் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று வருபவர் மோசடிக்காரர். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் போடவே தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் பின்.

30-ம் தேதி காலி செய்தாலும் விளம்பரத்தில் 25 என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எடுக்கிறேன் என்றவர் வராமல் போனால் அடுத்தவரை அழைக்க ஐந்து நாள் வேண்டும். பேசி முடித்தவரிடம் 1,000 ரூபாய் முன்பணம் வாங்கி, எந்த நாள் எடுப்பார், வராவிட்டால் முன்பணம் என்ன ஆகும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள். முன்பணம் தராதவருக்காகக் கட்டிலை நிறுத்தி வைக்க வேண்டாம். 20-ம் தேதிவரை ஒருவரும் முடிக்கவில்லை என்றால் விலையை 13,500 ஆக்கி, படங்களை மாற்றிப் புதிதாகப் போடுங்கள். உங்கள் தெருவிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் உள்ள வாட்ஸ்அப் குழுக்களிலும் அதே நாள் போடுங்கள். தூரம் குறைந்தால் வண்டிச் செலவு குறையும், அந்த மிச்சத்தில் ஒரு பங்கு உங்கள் விலைக்கு வரும். 26-ம் தேதியும் கட்டில் வீட்டிலேயே இருந்தால், 9,000 சொன்ன கடைக்காரரை அன்று காலையே வரச் சொல்லுங்கள். 29-ம் தேதி அழைத்தால் அவருக்கும் உங்கள் அவசரம் புரிந்துவிடும்.