கோஆக்சியல் டிஜிட்டல் கேபிளா, சாதா ஆர்சிஏ வயரா?

பிளேயரோடு வந்த சிவப்பு-வெள்ளை வயர் சும்மா கிடக்கிறது. கோஆக்சியல் சாக்கெட்டில் அதையே போட்டால் ஏதாவது கெட்டுப்போகுமா?

எதுவும் கெடாது. ஒரு மீட்டர் நீளம்தான் என்றால் தாராளமாகப் போடுங்கள், பாடும். கூடவே மஞ்சள் வீடியோ வயர் வந்திருந்தால் அதை எடுங்கள். கோஆக்சியல் டிஜிட்டலைப் போலவே வீடியோவுக்கும் 75 ஓம்தான் கணக்கு. மலிவான சிலதில் மஞ்சள் பெயருக்கு மட்டும்தான், அது வேறு விஷயம்.

75 ஓம் என்று அச்சடித்த கேபிளை மல்டிமீட்டரில் பார்த்தேன். ஒரு ஓம்கூட இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை சார். மீட்டர் காட்டுவது செம்புக் கம்பியின் மின்தடை. 75 ஓம் என்பது வேகமாக மாறும் சிக்னல் உள்ளே ஓடும்போது சந்திக்கும் இம்பிடன்ஸ். நடுக்கம்பியின் தடிமன், வெளிவலையின் விட்டம், இடையிலுள்ள இன்சுலேஷன் இவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. கேபிளை வெட்டிப் பாதியாக்கினாலும் மாறாது. உங்கள் மீட்டர் 75 காட்டியிருந்தால்தான் கேபிளில் கோளாறு.

10 மீட்டர் சாதா வயர். 48 கிலோஹெர்ட்ஸில் நன்றாகப் பாடுகிறது. 192-இல் டிக் டிக் சத்தம், நடுநடுவே மௌனம். பிளேயர் பழுதா?

முதல் சந்தேகம் வயர் மேல்தான். இம்பிடன்ஸ் பொருந்தாத இடத்தில் சிக்னலின் ஒரு பகுதி திரும்பி ஓடும். மீட்டருக்குச் சுமார் 5 நானோசெகண்ட் என்றால், 10 மீட்டர் போய்வர 100 ஆகிறது. 48-இல் மிகக் குறுகிய துடிப்பே 163 நானோசெகண்ட் இருக்கும். திரும்பி வந்தது பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். 192-இல் துடிப்பு 41 தான். எதிரொலி இரண்டு துடிப்பு தள்ளி வேறொன்றின் மேல் போய் விழும். நீளமான வயரில் துடிப்பின் ஓரங்களும் மழுங்கும். அப்புறம் ரிசீவர் தடுமாறத்தான் செய்யும்.

அதே ரகத்தில் ஒரு மீட்டர் வயர் போட்டுப் பாருங்கள். டிக் நின்றால் ஆர்ஜி-59 அல்லது ஆர்ஜி-6 கேபிளில் ஆர்சிஏ பிளக் போட்டுக்கொள்ளுங்கள். ஆர்ஜி-58 வேண்டாம், அது 50 ஓம். ஒரு மீட்டரிலும் தொல்லை இருந்தால், உங்கள் ரிசீவரின் கோஆக்சியல் இன்புட் 192-ஐ ஏற்குமா என்று மேனுவலில் பாருங்கள். 96-உடன் நின்றுவிடுபவை உண்டு.

நான் கேபிள் மாற்றினேன், பேஸ் கூடியது, குரல் இனித்தது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பிட் தப்பினால் கேட்பது டிக்கும் மௌனமும்தான். டால்பி டிஜிட்டல் என்றால் 32 மில்லிசெகண்ட் ஃபிரேம் மொத்தமாகப் போகும். பேஸ் மட்டும் கூட வழி எனக்குத் தெரிந்து இல்லை. துடிப்புகள் வரும் நேரம் இம்மியளவு முன்பின் ஆகும் ஜிட்டர் என்று ஒன்று உண்டு. அதில் கேபிளுக்கும் பங்கு இருக்கிறது. அது காதில் கேட்குமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

என் டர்ன்டேபிளுக்கும் இந்த டிஜிட்டல் கேபிள் போடலாமா?

இடது, வலதுக்கு இரண்டு வேண்டும், போடலாம். ஆனால் அனலாகில் 75 ஓம் ஒரு பொருட்டே இல்லை. மூவிங் மேக்னெட் கார்ட்ரிஜ் என்றால் கேபிளின் கெபாசிட்டன்ஸைப் பாருங்கள்.