வண்டல் எங்கே படியும்: கண்மாயிலும் கடல் முகத்திலும்

கேள்வி: ஐயா, காரைக்குடி பக்கம் மூணு ஏக்கர் செம்மண் கொல்லை வைத்திருக்கிறேன், கடலை போடுகிறேன். போன கோடையில் கண்மாயிலிருந்து பத்து டிராக்டர் வண்டல் அடித்தேன். வண்டி இறங்க வசதி என்று வரத்துக்கால் வாய்ப்பக்கம் வெட்டியது. மண் இன்னும் தண்ணீர் பிடிக்கவில்லை. மகளைக் கொடுத்திருக்கிற மன்னார்குடியில் வயலெல்லாம் களி. ஆறு கடலில் சேரும் இடத்தில் கொட்டிய வண்டல் என்கிறார் சம்பந்தி. கடல் அங்கிருந்து எவ்வளவோ தூரமாச்சே, அது எப்படி?

பதில்: நீங்கள் காசு கொடுத்து ஏற்றியது பெரும்பாலும் மணல்தான். அது ஏன் என்று புரிந்துவிட்டால் மன்னார்குடி களியும் புரிந்துவிடும்.

ஓடுகிற தண்ணீர் வேகத்தால்தான் மண்ணைச் சுமக்கிறது. வரத்துக்கால் குறுகலாக இருக்கும்வரை மணல், பொடி மண், களி எல்லாம் கலந்து வரும். கண்மாயின் நின்ற தண்ணீரில் நுழைந்ததும் வேகம் செத்துவிடும். அசையாத தண்ணீரில் சன்னமான மணல் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். பொடி வண்டல் மூன்று மணி நேரம் எடுக்கும். களித் துகளுக்குப் பத்து நாளுக்கு மேல். அதனால் மணல் வாயிலேயே விழுந்துவிட, களி மிதந்தபடியே கரைப்பக்கம் ஆழத்துக்குப் போய் மெதுவாகப் படிகிறது. கண்மாய் வற்றியதும் வரத்துக்கால் வாயில் நின்று பாருங்கள். விசிறி விரித்த மாதிரி ஒரு மணல் திட்டு இருக்கும், அதன்மேல் வாய்க்கால் இரண்டு மூன்றாகப் பிரிந்து ஓடிய தடமும் தெரியும். அது ஒரு குட்டி டெல்டா.

ஆறு கடலில் செய்வதும் இதுவேதான். முகத்துவாரத்தில் முதலில் மணல் திட்டு எழும்பும். அது வழியை மறிக்க, தண்ணீர் இரண்டு பக்கமும் பிரியும். ஒவ்வொரு கிளையும் தன் வாயில் இன்னொரு திட்டு போடும். இப்படி வாய் கடலுக்குள் நகர நகர ஆறு நீண்டு, வாட்டம் குறைந்து, மந்தமாகும். ஏதோ ஒரு பெருவெள்ளத்தில் கரையை உடைத்துக்கொண்டு குறுக்கு வழியில் இறங்கி, அந்தப் பக்கம் நிலம் கட்டத் தொடங்கும். நீடாமங்கலம் பக்கம் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு அங்கே ஷட்டர் போட்டுத் தண்ணீரைப் பங்கு பிரிக்கிறோம். ஆனால் ஒரு ஆறு பல ஆறாக விரிவது டெல்டாவுக்கே உள்ள குணம்.

இனி உங்கள் தூரக் கணக்கு. கடலோரம் ஒரு காலத்தில் இப்போதைவிட உள்ளே இருந்தது. ஆறு நிலம் கட்டக் கட்டக் கடல் தள்ளிப் போனது. அப்படிக் கிடைத்த நிலத்தின்மேல் பிறகு வந்த வெள்ளங்களும் கரை தாண்டி வண்டலைப் பரப்பின. அங்கேயும் கனமானது முதலில் விழும் என்பதால் ஆற்றை ஒட்டிய படுகை பொலபொலவென்று வாழைக்கு ஏற்றதாக இருக்கும், தள்ளியிருக்கும் தாழ்ந்த வயல் களியாக இருக்கும். 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் வண்டலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சம்பந்தி வயலில் இருப்பது பழைய சேமிப்பு.

கடலுக்கு மட்டும் ஒரு தனி வித்தை உண்டு. இரண்டு டம்ளரில் கலங்கல் தண்ணீர் எடுத்து ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உப்பு போட்டு வையுங்கள். உப்பு போட்டது முதலில் தெளியும். களித் துகள்கள் ஒரே வகை மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பவை. உப்பு அந்தத் தள்ளலை அடக்கிவிட, அவை திரண்டு கனமாகி விழுகின்றன. ஆற்றுக் களியில் நிறைய நடுக்கடலுக்குப் போகாமல் முகத்துவாரத்துப் பக்கமே தங்க இது ஒரு காரணம். ஆனால் அலை பலமாக அடிக்கும் கரையில், வந்து விழுவதைவிட அலை வாரிக்கொண்டு போவது அதிகமானால் டெல்டா வளராது.

சரி, உங்கள் கொல்லைக்கு வருவோம். இந்த முறை ஆழமான பக்கம், காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கிற இடத்தில் எடுங்கள். கரையின் அடியை ஒட்டி மட்டும் தோண்டாதீர்கள், கரை பலவீனப்படும். அனுமதிச் சீட்டில் எந்த இடம், எவ்வளவு என்று இருக்கிறதோ அதற்குள் நில்லுங்கள். ஏற்றும் முன், ஒரு லிட்டர் பாட்டிலில் கால் பங்கு மண்ணைக் கட்டியில்லாமல் நுணுக்கிப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். இரண்டு நிமிடத்தில் அடியில் படிவது மணல். அந்த மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு, மறுநாள் காலையில் மொத்தப் படிவையும் பாருங்கள். கோட்டுக்குக் கீழே பாதிக்கு மேல் இருந்தால் அந்தக் குழியை விட்டுவிட்டு இன்னும் ஆழப் பக்கம் போங்கள்.

நல்ல களி கிடைத்தாலும் கடலைக் கொல்லையில் அளவோடு அடியுங்கள். மண் இறுகினால் விழுது இறங்காது, பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணிலேயே நிற்கும். மெல்லிசாகப் பரப்பி, தொழுவுரம் சேர்த்து, கோடை மழையில் இரண்டு உழவு ஓட்டுங்கள். போன தடவை கொட்டிய மணலை அள்ள வேண்டாம், அதன்மேலேயே அடிக்கலாம்.