6,000 இம்ப்ரெஷன், 720 வியூஸ், 36 மணி நேரம்: இந்தக் கணக்கு ஏன் இடிக்கிறது?

கேள்வி: சார், கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ல மாங்கன்று நர்சரி வெச்சிருக்கோம். ஒட்டு கட்டுறது பத்தி யூடியூப்ல வீடியோ போடுறேன். போன வாரம் போட்ட 12 நிமிஷ வீடியோவுக்கு இம்ப்ரெஷன் 6,000, கிளிக் ரேட் 5%, வியூஸ் 720, வாட்ச் டைம் 36 மணி நேரம்னு காட்டுது. 6,000ல 5% எடுத்தா 300தானே வரணும்? மீதி எங்கிருந்து வந்துச்சு? ரீச் பக்கத்துல வாட்ச் டைம் 24 மணி நேரம்னு வேற இருக்கு. எது சரி? வியாழன் சாயங்காலம் 7 மணிக்குப் போட்ட அடுத்த வீடியோவுக்கு வெள்ளிக்கிழமை காலையில பார்த்தா ரியல்டைம்ல வியூஸ் ஓடுது, மத்த இடத்துல ஒண்ணுமே இல்ல. ஏன் ஒரு நாள் லேட்டாகுது?

பதில்: நீங்கள் அனுப்பிய எண்கள் எல்லாமே சரியானவைதான். ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் எண்ணப்படுவதால் ஒன்றை ஒன்றால் வகுத்தால் விடை இடிக்கிறது.

இம்ப்ரெஷனில் இருந்து தொடங்குவோம். உங்கள் வீடியோவின் தம்ப்நெயில் ஒருவரின் திரையில் பாதிக்குக் குறையாமல் தெரிந்து, ஒரு வினாடிக்கு மேல் நின்றால் அது ஒரு இம்ப்ரெஷன். அவர் தொட வேண்டும் என்பதில்லை, கண்ணில் படுகிற வாய்ப்பு கிடைத்தாலே போதும். ஒரே ஆளுக்கு காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை காட்டினால் இரண்டு. அதனால் 6,000 இம்ப்ரெஷன் என்றால் 6,000 பேர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதைவிட முக்கியமான விஷயம், யூடியூப் தன் சொந்த இடங்களில் காட்டியதை மட்டும்தான் இம்ப்ரெஷனாக எண்ணுகிறது. ஹோம் பக்கம், தேடல் முடிவுகள், சப்ஸ்கிரிப்ஷன் பக்கம், ஒரு வீடியோவின் பக்கத்தில் அடுத்து வரும் பரிந்துரைகள் எல்லாம் கணக்கில் வரும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்த லிங்க், பெல் அடித்து வரும் நோட்டிஃபிகேஷன், வேறு வெப்சைட்டில் பதித்த வீடியோ, வீடியோ முடிவில் வரும் எண்ட் ஸ்கிரீன் இவை வராது. வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் தம்ப்நெயில் பெரிதாகத் தெரிந்தாலும் யூடியூப்பின் கணக்கில் அது பூஜ்யம்தான்.

வியூஸ் அப்படியில்லை. எந்த வழியாக வந்து பார்த்தாலும் வியூதான். ஆகவே உங்கள் 720இல் 300 வியூஸ் யூடியூப் காட்டிய தம்ப்நெயிலைத் தொட்டு வந்தவை. மீதி 420 இம்ப்ரெஷன் எண்ணப்படாத வழிகளில் வந்தவை. நர்சரி நடத்துகிறவர் என்றால் போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்து விவசாயிகள் குரூப்களில் லிங்க் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டிராஃபிக் சோர்ஸ் பட்டியலில் எக்ஸ்டர்னல் என்பதைத் திறந்து பாருங்கள், அதற்குள் வாட்ஸ்அப் தனியாக இருக்கும். நோட்டிஃபிகேஷன், எண்ட் ஸ்கிரீன் ஆகியவையும் அந்தப் பட்டியலில் தனித்தனி வரிசையில் வரும். 720ஐ 6,000ஆல் வகுத்து 12% என்று மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள். உங்கள் தம்ப்நெயிலின் உண்மையான மதிப்பெண் 5%தான். அதுவும் குறைவில்லை. பாதிச் சேனல்களுக்கு இது 2 முதல் 10% வரைக்குள் இருக்கும் என்று யூடியூப்பே சொல்லியிருக்கிறது.

இப்போது வாட்ச் டைம். உங்கள் எண்களிலேயே அதிகம் சொல்லித் தருவது இதுதான் என்பேன். எல்லாரும் பார்த்த நேரத்தை ஒன்றாகக் கூட்டினால் 36 மணி நேரம். ரீச் பக்கத்தில் தெரியும் 24 மணி நேரம், இம்ப்ரெஷன் வழியாக வந்த அந்த 300 வியூஸ் மட்டும் கொடுத்தது. அங்கே இம்ப்ரெஷன், அதிலிருந்து வந்த வியூஸ், அந்த வியூஸ் தந்த வாட்ச் டைம் என்று மூன்று எண்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். மொத்தத்தில் இருந்து அதைக் கழித்தால் வாட்ஸ்அப் முதலிய மற்ற வழிகளில் வந்த 420 வியூஸ் தந்தது 12 மணி நேரம் என்று தெரிகிறது.

மொத்தமாகப் போட்டால் 36 மணி நேரம் என்பது 2,160 நிமிடம். 720 வியூஸுக்கு வகுத்தால் சராசரி 3 நிமிடம். அனலிட்டிக்ஸின் முகப்பில் நீங்கள் பார்ப்பதும் இந்த 3 நிமிடம்தான். ஆனால் பிரித்துப் போட்டால் வேறு கதை. யூடியூப் காட்டி வந்தவர்கள் 1,440 நிமிடத்தை 300 வியூஸில் தந்திருக்கிறார்கள், அதாவது சராசரி 4 நிமிடம் 48 வினாடி. 12 நிமிட வீடியோவில் இது 40%. மற்ற வழிகளில் வந்தவர்கள் 720 நிமிடத்தை 420 வியூஸில் தந்திருக்கிறார்கள். சராசரி 1 நிமிடம் 43 வினாடி, 14%தான். முகப்பில் தெரிகிற 3 நிமிடம் இந்த இரண்டு கூட்டத்தில் எதற்கும் பொருந்தாத ஒரு நடுவெண். அதை நம்பி வீடியோவை வெட்டிச் சுருக்குகிறவர்கள் பலர். உங்களுக்கு அது வேண்டாம். தேடி வருகிறவர் நன்றாகவே பார்க்கிறார்.

1 நிமிடம் 43 வினாடி என்றால் எல்லாரும் அந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்று பொருளில்லை. பலர் பத்து இருபது வினாடியில் போயிருப்பார்கள், சிலர் கடைசி வரை இருந்திருப்பார்கள். யார் எங்கே போனார்கள் என்பதை ஈடுபாட்டுப் பக்கத்தில் உள்ள ரிடென்ஷன் கோடு காட்டும். அந்தக் கோட்டை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். பொதுவாக இந்த வகை வீடியோக்களில் வணக்கம், நர்சரி அறிமுகம், வேர்ச்செடி வளர்த்த கதை எல்லாம் முதல் இரண்டு மூன்று நிமிடம் ஓடும். கத்தியை எடுத்து ஒட்டுக்குச்சியை ஆப்பு போலச் சீவுவது அதற்குப் பிறகுதான் வரும். குரூப்பில் லிங்க் பார்த்து வருகிற விவசாயி பார்க்க விரும்புவது அந்தச் சீவலைத்தான். அதனால் குரூப்பில் போடும் லிங்கை மட்டும் அந்த இடத்தில் இருந்து தொடங்கும்படி அனுப்பலாம். சீவுவது 2 நிமிடம் 50 வினாடியில் தொடங்குகிறது என்றால் அது 170 வினாடி. லிங்கில் வேறு கேள்விக்குறி இல்லையென்றால் கடைசியில் இதைச் சேருங்கள்:

```
?t=170
```

ஷேர் பட்டனில் எடுத்த லிங்கில் ஏற்கெனவே `?si=` என்று ஏதாவது இருந்தால் கேள்விக்குறிக்குப் பதிலாக `&t=170` என்று சேர்க்க வேண்டும். அடுத்த வீடியோவில் இதைச் செய்து, எக்ஸ்டர்னல் வரிசையின் சராசரி நேரம் கூடுகிறதா என்று பாருங்கள். கூடவில்லை என்றால் முன்னுரை காரணமில்லை, குரூப்பில் இருப்பவர்களுக்கு அந்தப் பொருள் தேவையில்லை என்று அர்த்தம்.

ஒட்டு கட்டுவதை ஷார்ட்ஸாகவும் போடுவீர்களானால் அந்த வியூஸை இதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ, திரும்ப ஓடினால் இன்னொன்று. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற நிபந்தனையே கிடையாது.

இனி ஒரு நாள் தாமதம். இதில் இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. முதலாவது, அனலிட்டிக்ஸின் தேதி நம் தேதி இல்லை. அது அமெரிக்க மேற்குக் கரையின் நேரப்படி நடக்கிறது. கலிஃபோர்னியாவில் நள்ளிரவு 12 மணி ஆகும்போது நமக்குப் பகல் 12:30, அவர்களுடைய குளிர்காலத்தில் 1:30. அப்போதுதான் யூடியூப்புக்குப் புதிய தேதி பிறக்கிறது. நீங்கள் வியாழன் மாலை 7 மணிக்குப் போட்டது அங்கே வியாழன் காலை 6:30. அந்த வியாழக்கிழமை முடிவது நமக்கு வெள்ளி பகல் 12:30க்கு. வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் திறந்தபோது யூடியூப்பின் வியாழனே இன்னும் முடியவில்லை. முடியாத நாளுக்கு அறிக்கை எப்படி வரும்?

இரண்டாவது காரணம் சரிபார்ப்பு. நாள் முடிந்த பிறகு அந்த நாளின் வியூஸை வடிகட்டுகிறார்கள். ரோபோ நிரல்கள் ஓட்டியவை, ஒருவரே மறுபடி மறுபடி ரிஃப்ரெஷ் செய்தவை போன்றவற்றைக் கழித்து, மிச்சத்தை எந்த ஊர், எந்த வழி, எவ்வளவு நேரம் என்று பிரித்து அடுக்க வேண்டும். இதற்கு மேலும் ஒரு நாள் போல ஆகும், சில நேரம் இரண்டு நாள். ஆகவே உங்கள் வியாழக்கிழமை வீடியோவின் எண்களைச் சனி மாலையிலோ ஞாயிறன்றோ எதிர்பார்ப்பதே சரி. வரைபடத்தின் கடைசித் தேதி என்ன என்று பார்த்தாலே கணக்கு எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். மூன்று நான்கு நாள் ஆகியும் அந்தத் தேதி நகரவில்லை என்றால்தான் வழக்கத்துக்கு மாறானது.

ரியல்டைம் இந்த வரிசையில் நிற்பதில்லை. அது கடைசி 48 மணி நேரத்து வியூஸை மணிக்கு மணி மதிப்பிட்டுக் காட்டுவது. வடிகட்டல் முடிவதற்கு முன்பே வருவதால் பின்னால் அந்த எண் கொஞ்சம் மாறலாம். அதில் இம்ப்ரெஷனோ வாட்ச் டைமோ கிடையாது. வெள்ளிக்கிழமை காலை ரியல்டைமில் 150 வியூஸ், ரீச் பக்கத்தில் இம்ப்ரெஷன் எதுவும் இல்லை என்று பார்த்து, வீடியோவை யூடியூப் யாருக்கும் காட்டவில்லை என்று முடிவு செய்து தம்ப்நெயிலை மாற்றுகிறவர்களைத் தருமபுரி, கிருஷ்ணகிரிச் சேனல்காரர்களிடமே நிறையப் பார்க்கிறேன். இன்னும் எண்ணியே முடியாத ஒன்றுக்காக ஓடிக்கொண்டிருக்கும் தம்ப்நெயிலைக் கெடுத்துக்கொள்வதுதான் அது. இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.

இந்தப் பகல் 12:30 எல்லை இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். காலை 7 மணிக்கு வீடியோ போட்டால் முதல் ஐந்தரை மணி நேர வியூஸ் யூடியூப்பின் முந்தைய தேதியில் விழும். மதியம் 1 மணிக்குப் போட்டால் முதல் நாளுக்கு ஏறக்குறைய முழு 24 மணி நேரமும் கிடைக்கும். தேதி வாரியாக முதல் நாள் வியூஸை ஒப்பிட்டால் காலையில் போட்ட வீடியோ எப்போதும் தோற்றதுபோலத் தெரியும். நேரத்தை மாற்ற வேண்டும் என்று அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். வீடியோவின் ஓவர்வியூ பக்கத்தில் கடைசி பத்து வீடியோக்களில் இது எத்தனையாவது என்று ஒரு வரிசை வரும். அது வெளியான நேரத்தில் இருந்து எண்ணி, ஒவ்வொரு வீடியோவையும் அதே வயதில் வைத்து ஒப்பிடுவது. காலை, மாலை எது நல்லது என்று பார்க்க அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வருமானத்துக்கான 4,000 மணி நேரக் கணக்கு வைத்திருந்தால் அதை அனலிட்டிக்ஸில் கூட்டாதீர்கள். ஸ்டூடியோவில் வருமானப் பக்கத்தில் உள்ள எண்தான் செல்லும். பிரைவேட், அன்லிஸ்டட், அழித்த வீடியோக்களின் நேரமும், ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரமும், விளம்பரம் கொடுத்து வந்த நேரமும் அங்கே சேராது. அந்த எண்ணும் இதே போலப் பின்தங்கித்தான் வரும்.