மயக்க மருந்து வைத்தியரின் துண்டுக் குறிப்புகளைச் சரிபார்ப்புத் தாளாக்குவது எப்படி?

"எங்களிடம் 'வாய் சிறிது', 'பென்சிலின் அலர்ஜி', 'ஃபாஸ்டிங்' என்று சிதறிய குறிப்புகள்தான் இருக்கின்றன. செக்லிஸ்ட் ஆக்குவது எப்படி?"

ஆம்/இல்லைப் பெட்டிகளைத் தவிருங்கள். 'ஃபாஸ்டிங்: ஆம்' எதையும் சொல்லாது. கடைசித் திட உணவு அல்லது பால் எத்தனை மணிக்கு, கடைசித் தெளிந்த திரவம் எத்தனை மணிக்கு என இரண்டு கோடுகள் போடுங்கள். மயக்க மருந்துக்கு முன் வளர்ந்தவர்களுக்கு வழமையாக முன்னதற்கு 6 மணித்தியால இடைவெளி வேண்டும், பின்னதற்கு 2.

கொழும்பில் சறுக்கும் இடம் தேத்தண்ணிதான். காலை 5.30க்கு 'டீ மட்டும்' குடித்தவருக்கு 8 மணிக்குச் சத்திரசிகிச்சை என்று வையுங்கள். பிளேன்டீ என்றால் 7.30க்கே நேரம் சரி. பால் டீ என்றால் 11.30 வரை பொறுக்க வேண்டும். ஆகவே 'பால் சேர்த்ததா?' என்ற கேள்வி தாளிலேயே அச்சாகியிருக்கட்டும். கர்ப்பிணிகள், நீண்டகால நீரிழிவுள்ளோர், வாந்தி எடுப்பவர்களுக்கு வயிறு மெதுவாகக் காலியாகலாம். நேரம் சரியென்றாலும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

ஒவ்வாமையில் மருந்தின் பெயரோடு என்ன நடந்தது என்பதும் வேண்டும். வயிற்றுப்போக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் பக்கவிளைவு. உடனே தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்திருந்தால் கதையே வேறு.

'வாய் சிறிது' என்பதை அளவாக்குங்கள்: நோயாளியின் சொந்த விரல்கள் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக, மேல் கீழ் முன்பற்களுக்கிடையே நுழைகின்றனவா? ஆடும் பல், முன்பு சுவாசக் குழாய் போடச் சிரமப்பட்டதா என்பதும் அதே வரியில்.