தைராய்டு ஸ்கேனில் வெள்ளைப் புள்ளி: எப்போது சந்தேகம், எப்போது இல்லை

கேள்வி: தைராய்டு கட்டி ஸ்கேன் படத்தில் எதையெல்லாம் பார்த்துச் சந்தேகப்படுவார்கள்? அம்மாவுக்கு எடுத்த ரிப்போர்ட்டில் கட்டிக்குள் வெள்ளைப் புள்ளிகள் என்று எழுதி, டைராட்ஸ் 4 என்று போட்டிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

வெள்ளைப் புள்ளி எல்லாமே ஒன்றில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் சென்டரில் பல வருடமாக உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தைராய்டில் ஒருவரைத் தேவையில்லாமல், கட்டிக்குள் ஊசி செருகிச் செல்களை எடுத்துப் பார்க்கும் ஊசிப் பரிசோதனைக்கு அனுப்பிவைப்பதில் இந்தப் புள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

படத்தை எப்படிப் பார்ப்பது என்பதில் ஆரம்பிக்கிறேன். கழுத்தில் குறுக்காக வைத்து எடுத்த படத்தில் நடுவில் வெள்ளை வளைவாகத் தெரிவது மூச்சுக்குழாய், அதற்குப் பின்னால் எதுவும் சரியாகத் தெரியாது. இரண்டு ஓரத்திலும் கறுப்பு வட்டமாகத் துடிப்பது கரோட்டிட் ரத்தக்குழாய். இந்த இரண்டுக்கும் நடுவில் சீரான சாம்பல் நிறத்தில் இருப்பதுதான் தைராய்டு. அதற்கு மேலே பட்டை பட்டையாகக் கொஞ்சம் இருட்டாக இருப்பவை கழுத்துத் தசைகள். இந்தத் தசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கட்டி எவ்வளவு கறுப்பு என்பதற்கு இதுதான் அளவுகோல். தைராய்டை விடக் கறுப்பாக இருந்தால் ஒரு கணக்கு, தசையை விடவும் கறுப்பாக இருந்தால் இன்னும் கூடுதல் கணக்கு. ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு அழற்சி நோய் இருப்பவர்களுக்குத் தைராய்டே இருண்டுபோய்க் கிடக்கும், அவர்களிடம் தைராய்டோடு மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

கணக்கு என்று சொன்னேன் அல்லவா, அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி 2017-இல் வெளியிட்ட டைராட்ஸ் முறை அப்படித்தான் வேலை செய்கிறது. கட்டி திடமா நீரா, எவ்வளவு கறுப்பு, வடிவம் என்ன, ஓரம் எப்படி, உள்ளே வெள்ளைப் புள்ளி உண்டா என்று ஐந்து விஷயத்துக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டுவது. கூட்டுத்தொகை 4 முதல் 6 வரை வந்தால் டைராட்ஸ் 4, 7-உம் அதற்கு மேலும் என்றால் 5. இதே பெயரில் ஐரோப்பியர்களும் கொரியர்களும் வேறு முறை வைத்திருக்கிறார்கள், அதனால் 4 என்றால் எந்த முறையில் 4 என்று கேட்டுக்கொள்வது நல்லது. நான் இங்கே எழுதுவதெல்லாம் அமெரிக்கக் கணக்கு.

இப்போது வெள்ளைப் புள்ளிக்கு வருவோம். பாப்பில்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோயில் செல்கள் செத்த இடத்தில் மிகப் பொடியான சுண்ணாம்பு மணிகள் படியும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, பின்னால் நிழல்கூட விழாது, கரும்பலகையில் சாக்பீஸால் லேசாகத் தொட்டு வைத்த மாதிரி இருக்கும். ரிப்போர்ட்டில் மைக்ரோ கால்சிபிகேஷன் என்று எழுதுவது இதைத்தான், இதற்கு 3 மதிப்பெண். இன்னொரு வகை, கெட்டியாகிப் போன கொலாய்டு. தைராய்டு தானே சுரந்து சேர்த்து வைக்கும் பசை மாதிரியான பொருள் அது, நீர் கலந்த கட்டிகளில் உறைந்து பளிச்சென்று தெரியும். ஒலி அதற்குள் முன்னும் பின்னும் மோதித் திரும்புவதால் புள்ளிக்குக் கீழே முக்கோணமாக மெலிந்துகொண்டே போகும் ஒரு வால் விழும், வால்வெள்ளி மாதிரி. நீர்ப்பகுதிக்குள் இப்படிப் பெரிய வாலோடு இருந்தால் இதற்கு 0.

ஆக, வால் இருக்கிறதா இல்லையா என்பதில் 3 மதிப்பெண் போகிறது. பிரச்சினை என்னவென்றால் மெஷினே அந்த வாலை அழித்துவிடும். இப்போதைய மெஷின்களில் படத்தை வழவழப்பாக்க, பல கோணங்களில் ஒலியை அனுப்பிச் சேர்த்துக் காட்டும் வசதி ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வால் கலைந்துபோய் வெறும் புள்ளி மட்டும் மிஞ்சும். எனக்குச் சந்தேகம் வந்தால் அதை அணைத்துவிடுவேன், வெளிச்சத்தைக் குறைப்பேன், ஃபோகஸைப் புள்ளி இருக்கும் ஆழத்துக்குக் கொண்டுவருவேன், கழுத்தில் வைக்கும் ப்ரோப்பை மெதுவாகச் சாய்த்துப் பார்ப்பேன். ஒரு நிமிஷ வேலை. பாதி நேரம் வால் எட்டிப்பார்த்துவிடும். இன்னொரு ஏமாற்று: நீர்க்குமிழிக்குப் பின்னால் ஒலி பலமாகப் போவதால் குமிழியின் பின்சுவர் வெள்ளையாக மின்னும், குட்டிக் குட்டிக் குமிழிகள் நிறைய இருந்தால் அத்தனைக்கும் ஒரு வெள்ளைக் கோடு, தூரத்தில் இருந்து பார்த்தால் சுண்ணாம்புப் பொடி தூவிய மாதிரியே இருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் புள்ளி கோடாகிவிடும். ஆனால் திடமான பகுதிக்குள் ஒரு சின்னப் புள்ளி, அதற்கு ஒரு குட்டி வால் என்றால் அங்கே நான் தாராளம் காட்டுவதில்லை, அந்த முறையும் அதை 3 என்றே எண்ணச் சொல்கிறது.

வெள்ளைப் புள்ளிக்குச் சமமாக 3 மதிப்பெண் வாங்கும் இன்னொன்று வடிவம், ஆனால் இதைப் பற்றி ரிப்போர்ட் படிப்பவர்கள் யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. குறுக்காக எடுத்த படத்தில் கட்டியின் அகலத்தை விட ஆழம் அதிகமாக இருந்தால், அதாவது கட்டி படுத்திருக்காமல் எழுந்து நின்றால், சந்தேகம். சாதாரணக் கட்டி பக்கத்துத் திசுவைத் தள்ளிக்கொண்டு, இடம் கிடைத்த பக்கம் விரியும். புற்றுநோய் திசுவின் அடுக்குகளைக் குறுக்கே ஊடுருவி வளரும் என்பதுதான் இதற்குப் பொதுவாகச் சொல்லும் காரணம். இதில் நடக்கிற தப்பு இரண்டு. ப்ரோப்பைக் கழுத்தில் அழுத்திப் பிடித்தால் நிற்கிற கட்டியும் கொஞ்சம் தட்டையாகும். அப்புறம், நெடுக்காக எடுத்த படத்தில் அளந்துவிட்டுப் படுத்திருக்கிறது என்று எழுதிவிடுவது.

வெள்ளைப் புள்ளியில் ஒரு தப்பும் வடிவத்தில் ஒரு தப்பும் ஒரே ஆளிடம் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். நாற்பதை ஒட்டிய ஒரு அம்மா, வேறு ஓர் இடத்தில் ஸ்கேன் எடுத்து, ஊசியும் போட்டு, ஒரு வருடம் கழித்துத் திரும்ப ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்த கவரோடு என்னிடம் வந்தார். வலது பக்கம் 26 மி.மீ. கட்டி, எச்சில் விழுங்கினால் கண்ணுக்கே தெரியும். பாதி நீர், பாதி திடம், நிறம் தைராய்டு மாதிரியே, உள்ளே நாலைந்து வெள்ளைப் புள்ளி. இடது பக்கம் சின்னதாக ஒன்று, 13 மி.மீ., முழுக்கத் திடம், தைராய்டை விடக் கறுப்பு, ஓரம் வழுவழுப்பு, புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. பழைய ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் டைராட்ஸ் 4.

கணக்கைப் பாருங்கள். வலது பக்கம் கலப்புக் கட்டிக்கு 1, நிறத்துக்கு 1, வெள்ளைப் புள்ளிகளைச் சுண்ணாம்பு என்று எடுத்து 3, மொத்தம் 5. டைராட்ஸ் 4-இல் 15 மி.மீ. இருந்தாலே ஊசி, எனவே அங்கே ஊசி போட்டாயிற்று, தீங்கற்றது என்று வந்தது. இடது பக்கம் திடத்துக்கு 2, கறுப்புக்கு 2, மொத்தம் 4. அதுவும் டைராட்ஸ் 4தான், ஆனால் 15-ஐத் தொடவில்லை, எனவே காத்திருக்கலாம். அவர்கள் எண்ணிய எண்ணிக்கை சரியாக இருந்திருந்தால் எழுதிய முடிவும் சரியே.

நான் வைத்துப் பார்த்தபோது வலது பக்கப் புள்ளிகள் எல்லாமே நீர்ப்பகுதியில், அந்த வழவழப்பு வசதியை அணைத்ததும் ஒவ்வொன்றுக்கும் நல்ல நீளமான வால். 3 போய் 0 ஆகிவிட்டது, மொத்தம் 2, டைராட்ஸ் 2, ஊசியே தேவைப்பட்டிருக்காது. இடது பக்கத்துக்குப் பழைய ஃபிலிமில் நெடுக்குப் படம் ஒன்று மட்டும்தான் இருந்தது, அதில் நீளம் 13, ஆழம் 11, பார்த்தால் படுத்திருக்கிற மாதிரிதான் தெரியும். ப்ரோப்பைக் குறுக்காகத் திருப்பி, ஜெல்லை நிறைய வைத்து அழுத்தாமல் பிடித்தேன். அகலம் 8, ஆழம் 11. நின்றுகொண்டிருக்கிறது. 4-உடன் 3 சேர்ந்து 7, டைராட்ஸ் 5. ஐந்துக்கு 10 மி.மீ. இருந்தாலே ஊசி.

"பெருசுலயே ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, இத்துனூண்டுல என்ன சார் இருந்திடப் போவுது?" என்று அந்த அம்மா கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதைவிட ஃபிலிமைக் காட்டி விளக்குவது சுலபமாக இருந்தது. ஊசியில் பாப்பில்லரி புற்றுநோய் என்று வந்தது. கழுத்து நெறிக்கட்டிகளையும் நான் அன்றே பார்த்திருந்தேன், அங்கே எதுவும் இல்லை, இடது பாதியை மட்டும் எடுத்தார்கள், நன்றாக இருக்கிறார்.

ஓரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓரம் தெளிவாக இல்லை என்பதும் ஓரம் கோணல்மாணல் என்பதும் வேறு வேறு. எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல் மங்கலாக இருந்தால் மதிப்பெண் 0, பல சாதாரணக் கட்டிகள் அப்படித்தான். பல் பல்லாக, கூர்கூராக நீட்டிக்கொண்டிருந்தால்தான் 2. டாப்ளரில் ரத்த ஓட்டம் அதிகம் என்று சிவப்பும் நீலமுமாக ஒரு படம் இணைத்திருப்பார்கள், அதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள், இந்தக் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மேலே சொன்ன அடையாளங்கள் எல்லாம் பெரும்பாலும் பாப்பில்லரி வகையைப் பிடிக்கத்தான். ஃபாலிக்குலர் வகைப் புற்றுநோய் படத்தில் சாதுவாக, வழுவழு ஓரத்தோடு, தைராய்டு நிறத்திலேயே இருக்கும், டைராட்ஸ் 3 என்றுகூட வரும். ஊசியில் எடுத்த செல்லை வைத்தும் அது புற்றா சாதாரணமா என்று பிரிக்க முடியாது, கட்டியை எடுத்து, செல்கள் அதன் உறையை உடைத்து வெளியே வந்திருக்கின்றனவா என்று பார்த்தால்தான் தெரியும். டைராட்ஸ் 3 கட்டிக்கும் 25 மி.மீ. இருந்தால் ஊசி என்று வைத்திருப்பதை இந்தக் கோணத்தில் பார்த்தால் புரியும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். முதலில் தைராய்டு ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். பார்த்தாயிற்றா என்று பாருங்கள், அது குறைவாக இருந்தால் ஊசிக்கு முன்னால் நியூக்ளியர் ஸ்கேன் எடுப்பார்கள், அதில் கட்டி அதிகமாக மருந்தை இழுத்தால் அது புற்றுநோயாக இருப்பது அபூர்வம். அப்புறம் ஸ்கேன் செய்த டாக்டரிடமே போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்த வெள்ளைப் புள்ளிகள் திடப்பகுதியில் இருக்கின்றனவா, நீர்ப்பகுதியில் வாலோடு இருக்கின்றனவா? குறுக்குப் படத்தில் அகலம் எத்தனை, ஆழம் எத்தனை? கோபித்துக்கொள்ள மாட்டார்கள், எங்களிடம் யாரும் இதைக் கேட்பதே இல்லை. பதிலையும் கட்டியின் அளவையும் கமெண்டில் போடுங்கள், கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். ஃபிலிமை மொபைலில் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம், வெளிச்சம் பட்டு அதிலேயே நாலு வெள்ளைப் புள்ளி புதிதாக முளைத்துவிடும்.