முளைவிட்ட பூண்டை விடுங்கள், அந்த எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள்

"டாக்டர், ஆடியில் வாங்கிய மலைப்பூண்டு இந்த மார்கழியில் மொத்தமாகப் பச்சை முளை விட்டுவிட்டது. வெங்காயமும் அப்படித்தான். வீணாக்க மனமில்லாமல் மூன்று வாரமாக அதையே ரசத்துக்கும் குழம்புக்கும் போட்டேன். முளைத்த பூண்டு விஷம், கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்று இப்போது போனில் ஒரு வீடியோ வந்தது. மருமகளுக்கு ஆறாம் மாதம், இரண்டு நாளாக நெஞ்செரிச்சல். விஷம் இறங்க விளக்கெண்ணெய் கொடுக்கலாமா? மீதிப் பூண்டை உரித்து நல்லெண்ணெயில் போட்டு பத்து நாளாக அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து மகன் தோசைக்குத் தொட்டுக்கொள்கிறான். அது கெடாதுதானே?"
ஒரு மாமியார், கேத்தி

அம்மா, விளக்கெண்ணெயை முதலில் எடுத்த இடத்திலேயே வையுங்கள். ஆறாம் மாதத்தில் அதைக் கொடுத்தால் வயிற்றால் போய் உடம்பில் நீர் வற்றும், கருப்பையும் சுருங்க ஆரம்பிக்கலாம். இல்லாத விஷத்தை இறக்கப்போய் இருக்கிற பிள்ளைக்கு ஆபத்தை வரவழைக்காதீர்கள். யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து கர்ப்பிணிக்குக் கைமருந்து கொடுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

அந்தப் பூண்டால் உங்கள் மருமகளுக்கோ வயிற்றில் இருக்கும் குழந்தைக்கோ ஒன்றும் ஆகவில்லை. முளை என்பது அடுத்த செடி, அவ்வளவுதான். நிலத்தில் போட்டால் தழைத்து வருவது உங்கள் கூடையிலேயே வந்துவிட்டது. பூண்டுக்கும் வெங்காயத்துக்கும் குளிர் பட்டால் உறக்கம் கலையும், அதனால் மார்கழிக் குளிரில் நம் மலைவீட்டுச் சமையலறையில் அவை முளைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். முளைத்த பல் கொஞ்சம் சுருங்கும், நடுவில் இருக்கும் பச்சைக் குருத்து லேசாகக் கசக்கும். கசப்பு பிடிக்காவிட்டால் கத்தி முனையால் குருத்தைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். வெங்காயத் தாளை நறுக்கிப் பொரியலிலேயே போடலாம்.

இந்த விஷக் கதை உருளைக்கிழங்கில் இருந்து வந்தது என்று நினைக்கிறேன். உருளைக்கிழங்கு பச்சை பிடித்தாலும் முளைவிட்டாலும் அதில் சோலனைன் என்ற நச்சு ஏறும், வேகவைத்தாலும் போகாது, அதிகம் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நீங்கள் கிழங்கு விளையும் ஊர்க்காரர், உங்களுக்கே தெரிந்திருக்கும். பூண்டிலும் வெங்காயத்திலும் அந்த நச்சு கிடையாது. பல் கொழகொழவென்று ஆகி நாறினாலோ, அடியில் நீலப் பொடி போலப் பூஞ்சை பூத்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள். வெங்காயத்தின் காய்ந்த தோலில் மட்டும் கறுப்புப் பொடி இருந்தால் அந்தத் தோலோடு ஒரு அடுக்கையும் உரித்துக் கழுவினால் போதும். நெஞ்செரிச்சல் ஆறாம் மாதத்துக்கு உரியது, வளரும் கருப்பை இரைப்பையை மேலே தள்ளுவதால் வருவது. இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம், கொஞ்சமாகக் கொடுங்கள். அடுத்த செக்கப்பில் அவருடைய டாக்டரிடமும் சொல்லட்டும்.

சரி, நீங்கள் போகிற போக்கில் கடைசியாகக் கேட்டதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்த நல்லெண்ணெய் பாட்டில்.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும், எவ்வளவு கழுவினாலும் சில பல்லோடு ஒட்டி வரும். காற்றுப்படும் இடத்தில் அவை சும்மா கிடக்கும், நாம் விழுங்கினாலும் பெரியவர்களை ஒன்றும் செய்யாது. ஆனால் எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, பூண்டில் ஈரம் இருக்கிறது, புளிப்பு போதவில்லை, அடுப்பு மேடையில் இளஞ்சூடும் கிடைக்கிறது. வித்து முளைக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. அப்படி முளைக்கும் கிருமி உண்டாக்கும் நச்சு நரம்பைத் தாக்கும். அது இருந்தாலும் எண்ணெய் நாறாமல், நுரைக்காமல், ருசி மாறாமல் இருக்கலாம், அதனால் முகர்ந்து பார்த்தோம், நன்றாகத்தானே இருக்கிறது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. வதக்கிவிட்டுப் போட்டேனே என்றாலும் பயனில்லை, கொதிக்கும் நீரின் சூட்டையே தாங்கும் வித்து அது.

1985இல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டை குளிரில் வைக்காமல் பயன்படுத்தினார்கள். 36 பேருக்கு இந்த நச்சால் வரும் பாட்டுலிசம் என்ற நோய் வந்தது. பக்கவாதம், தசைநோய், மனநோய் என்று ஆளுக்கொரு பெயர் சூட்டிப் பலரையும் அலையவிட்டார்கள், பூண்டுதான் காரணம் என்று தெரியவே வாரக்கணக்கில் ஆனது. இது அபூர்வமான நோய்தான், பெரும்பாலான பாட்டில்களில் ஒன்றும் இருக்காது. ஆனால் நச்சு இருக்கும் பாட்டிலைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இப்போதே எழுந்து போய் அந்தப் பாட்டிலை இறுக மூடி, இரண்டு கவரில் கட்டி, வீட்டில் யார் கையும் படாத இடத்தில் வையுங்கள். கடைசியாக ஒரு முறை ருசி பார்க்க வேண்டாம், கோழிக்கும் நாய்க்கும் ஊற்ற வேண்டாம். தொட்ட கரண்டியையும் கிண்ணத்தையும் சோப்பு போட்டுச் சுடுநீரில் கழுவுங்கள். பத்து நாள் கழித்து, மகன் நன்றாக இருந்தால், அப்படியே குப்பையில் போட்டுவிடலாம்.

மகனை அந்தப் பத்து நாளும் கவனியுங்கள். பெரும்பாலும் 12 மணி நேரத்தில் இருந்து ஒன்றரை நாளுக்குள் தெரியும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். முதலில் கண்ணில்தான் ஆரம்பிக்கும். ஒரு பல்பு இரண்டாகத் தெரிகிறது என்பார், தூக்கம் வராமலேயே இமை பாதி இறங்கி நிற்கும். அப்புறம் வாய் வறளும், நாக்கு தடித்தது போல் பேச்சு குழறும், தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். பலவீனம் முகத்தில் இருந்து கழுத்துக்கும் கைக்கும் கீழே இறங்கும். காய்ச்சல் இருக்காது, நினைவு தெளிவாக இருக்கும், அதனால்தான் பலர் கண் டாக்டரிடம் போய் நிற்கிறார்கள். வாந்தியோ வயிற்றுவலியோ இல்லையே என்று ஏமாற வேண்டாம். இமை இறங்கினாலோ, இரண்டாகத் தெரிந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ இரவு என்றும் பாராமல் 108ஐக் கூப்பிட்டு, செயற்கை சுவாசக் கருவி இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் தசை தளர்வதுதான் இந்த நோயில் உயிருக்கு ஆபத்து. அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போய், எண்ணெயில் போட்ட பூண்டு சாப்பிட்டார் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். முறிமருந்து உண்டு, சீக்கிரம் போட்டால்தான் பலன்.

மிச்சம் இருக்கும் பூண்டை உரித்து உலர்ந்த டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எண்ணெயில்தான் வேண்டும் என்றால் கொஞ்சமாகப் போட்டு, ஃபிரிட்ஜிலேயே வைத்து, மூன்று நாளில் முடியுங்கள். எலுமிச்சையும் உப்பும் தாராளமாகப் போட்டு, பூண்டு முழுவதும் புளிப்பில் ஊறும் ஊறுகாய் வேறு, நன்றாகப் புளித்த இடத்தில் அந்த வித்து முளைக்காது. ஊறும்போது பல் நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் பயப்படாதீர்கள், அது பூண்டின் சத்தும் புளிப்பும் சேர்ந்து வரும் நிறம்தான். அடுத்த ஆடியில் வாங்கும் பூண்டைத் தாளோடு கட்டி அடுப்புக்கு மேலே, புகையும் சூடும் படும் இடத்தில் தொங்கவிடுங்கள், முளைப்பது தள்ளிப்போகும்.

பேரனோ பேத்தியோ பிறந்ததும் உங்கள் வீட்டில் சேனைத் தேன் தொட்டு வைப்பார்களா? இதே கிருமியின் வித்து தேனிலும் இருக்கலாம், பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்துவிடும். ஒரு வயது முடியும்வரை நாக்கில் ஒரு துளிகூடத் தடவ வேண்டாம்.